சமணர் மலைப் படிக்கட்டில் ஒளித்து வைத்த லோடிங்

லோடிங் பட்டை சரசரவென்று ஓடி வந்து 90 சதவீதத்தில் ஏன் நின்றுவிடுகிறது? யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் கேம் செய்கிற யாரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் தப்பித்ததில்லை. எங்களோடு மதுரையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அண்ணே, தொண்ணூறுல வந்து மாட்டிக்கிச்சுண்ணே, அதுக்கு மேல நகரமாட்டேங்குது" என்றார். மாட்டிக்கொள்ளவில்லை, அது அங்கேதான் நிற்கும், அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள் என்று சொன்னால் அவர் நம்பவில்லை. அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் கேமைப் பற்றி. கீழக்குயில்குடிதான் கதைக்களம். ஆடு மேய்க்கும் ஒரு சிறுமி, காணாமல் போன குட்டியைத் தேடிக்கொண்டு சமணர் மலை ஏறுகிறாள், அவ்வளவுதான் கதை. முதல் லெவல் மலையடிவாரம்: ஐயனார் கோயில், தாமரைக்குளம், பெரிய ஆலமரம். இரண்டாவது லெவல் மேலே பேச்சிப்பள்ளம்: சுனை, பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் சிற்பங்கள், வட்டெழுத்துக் கல்வெட்டு. இரண்டுக்கும் நடுவில் பாறைமேல் ஏறிப் போகும் படிகள். அங்கே போனவர்களுக்குத் தெரியும், குளத்தங்கரையில் இருந்து மேலே போவது ஒரே தொடர்ச்சியான நடை, நடுவில் கதவு கிடையாது, திரை கிடையாது. கேமிலும் அப்படியே இருக்க வேண்டும், நடுவில் கறுப்புத் திரை போட்டு "சற்றுக் காத்திருக்கவும்" என்று எழுதக் கூடாது என்பதுதான் எங்கள் ஆசை. ஆனால் இரண்டு லெவலையும் முழுசாக ஒரே நேரத்தில் 3 ஜிபி ரேம் உள்ள போனில் வைத்து ஓட்ட முடியாது. ஆக, நடக்கும்போதே ஒன்றை ஏற்ற வேண்டும், இன்னொன்றை இறக்க வேண்டும், ஆடுகிறவருக்குத் தெரியக் கூடாது.

இது இன்றைக்கு நேற்றைக்கு வந்த பிரச்சினை இல்லை. முதல் பிளேஸ்டேஷனில் மெயின் ரேம் 2 எம்பி, சிடி டிரைவின் வேகம் நொடிக்கு 300 கேபி. அந்த 2 எம்பியை முழுசாக நிரப்ப, கணக்குப்படியே கிட்டத்தட்ட 7 நொடி ஆகும், டிரைவ் தேடி அலையும் நேரம் தனி. 1996-இல் வந்த ரெசிடென்ட் ஈவில் அந்த நேரத்தை ஒரு கதவைத் திறந்து காட்டியே ஓட்டியது. இருட்டில் ஒரு கதவு மெதுவாகத் திறக்கும், கேமரா உள்ளே போகும், அதற்குள் அடுத்த அறை ஏறிவிடும். பயத்தை ஏற்றுகிற உத்தி என்று அப்போது ஆடினவர்கள் நினைத்தார்கள், அதுவும் உண்மைதான், ஆனால் சிடி சுற்றிக்கொண்டிருந்ததும் உண்மை. லோடிங் நேரத்தில் குட்டி கேம் ஆட விடும் யோசனைக்கு நாம்கோ நிறுவனம் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கி வைத்திருந்தது. 1995-இல் விண்ணப்பித்தது, 2015-இல்தான் காலாவதியானது. இருபது வருஷம் மற்றவர்கள் எல்லாரும் லோடிங் திரையில் ஆலோசனைக் குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, 90-க்கு வருவோம். யூனிட்டியில் ஒரு லெவலை ஒரு சீனாக வைத்திருக்கிறோம். யூனிட்டியில் `SceneManager.LoadSceneAsync` என்று அழைத்தால் கையில் ஒரு `AsyncOperation` கிடைக்கும். அதன் `progress` எண் 0-இல் தொடங்கி 0.9 வரைக்கும் போவது கோப்புகளைப் படித்து மெமரியில் ஏற்றும் கட்டம். 0.9-க்கு மேல் இருப்பது சீனை உயிர்ப்பிக்கும் கட்டம். பொருள்கள் எல்லாம் உலகத்துக்குள் வருகின்றன, ஒவ்வொன்றின் தொடக்க வேலைகளான `Awake`-உம் `OnEnable`-உம் ஓடுகின்றன. `allowSceneActivation` என்பதை `false` ஆக்கி வைத்தால், நாம் சொல்லும் வரை சீன் 0.9-இலேயே காத்திருக்கும், `isDone` ஒருபோதும் உண்மையாகாது. வழக்கமாக எல்லாரும் எழுதும் கோடு இப்படி இருக்கும்:

```csharp
var op = SceneManager.LoadSceneAsync("Hill", LoadSceneMode.Additive);
op.allowSceneActivation = false;

while (op.progress < 0.9f)
    yield return null;

while (!playerAtTurn)
    yield return null;

op.allowSceneActivation = true;
yield return op;
```

பட்டையை மட்டும் சரி செய்ய வேண்டும் என்றால் `op.progress / 0.9f` என்று வகுத்துக் காட்டினால் போதும், 100 வரை ஓடிவிடும். பெரும்பாலான பாடங்கள் இத்தோடு முடிந்துவிடுகின்றன. ஆனால் பட்டையை 100 காட்ட வைத்ததால் அந்தக் கடைசிப் பகுதியின் வேலை எங்கும் போய்விடவில்லை. ஆடுகிறவர் படியில் ஏறிக்கொண்டிருக்கும்போது திரை அரை நொடி உறைகிறதே, அது அங்கிருந்துதான் வருகிறது.

பின்னணியில் லோடிங் என்றால் எல்லாமே பின்னணியில் நடக்கும் என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டுக்கு லாரி எந்நேரமும் வரலாம், எத்தனை பேர் வேண்டுமானாலும் மூட்டையை இறக்கலாம், ஆனால் கடைக்குள் எடை போட்டுக் கணக்கில் ஏற்றுகிறவர் ஒருத்தர்தான், அவரேதான் கல்லாவிலும் நின்று வாடிக்கையாளரைப் பார்க்க வேண்டும். அந்த ஒருத்தர்தான் மெயின் த்ரெட். கோப்பைப் படிப்பது, பிரிப்பது எல்லாம் வேறு த்ரெட்டில் நடக்கும். படித்ததை உலகத்தோடு சேர்ப்பதும், `Awake`-ஐ ஓட்டுவதும் மெயின் த்ரெட்டில்தான். அதே த்ரெட்தான் நொடிக்கு 60 முறை திரைக்கான வேலையையும் செய்கிறது, ஒரு பிரேமுக்கு அதற்குக் கிடைப்பது 16.6 மில்லி நொடி.

இதில் சேர்க்கும் வேலைக்கு யூனிட்டி ஒரு பிரேமில் எவ்வளவு நேரம் செலவு செய்யலாம் என்பதை `Application.backgroundLoadingPriority` முடிவு செய்கிறது. `Low` என்றால் 2 மில்லி நொடி, `BelowNormal` என்றால் 4, `Normal` என்றால் 10, `High` என்றால் 50. எதையும் மாற்றாவிட்டால் `BelowNormal`. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மலை சீனைச் சேர்க்க மெயின் த்ரெட்டில் மொத்தம் 400 மில்லி நொடி வேலை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேமுக்கு 4 என்றால் 100 பிரேம். 60 பிரேம் ஓடும் போனில் அது 1.7 நொடி. 30 பிரேம்தான் ஓடுகிறது என்றால் 3.3 நொடி. கவனித்தீர்களா, வரம்பு பிரேமுக்குத்தான், நொடிக்கு இல்லை. அதனால் ஏற்கெனவே திணறும் போனில் லோடிங்கும் இரட்டிப்பு நேரம் எடுக்கும். பேட்டரியை மிச்சம் பிடிக்கலாம் என்று லோடிங் திரையில் பிரேம் வேகத்தை 30-க்குக் குறைத்து வைக்கிற நல்லவர்கள், தெரியாமலே லோடிங்கையும் நீட்டி விடுகிறார்கள்.

`High` வைத்தால் அதே 400 மில்லி நொடி வேலை 8 பிரேமில் முடிந்துவிடும், ஆனால் அந்த ஒவ்வொரு பிரேமும் 50 மில்லி நொடிக்கு மேல், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குதிக்கும். திரை முழுக்க ஒரு படத்தைப் போட்டு மறைத்திருக்கும்போது குதித்தால் யாருக்கும் தெரியாது, அப்போது `High` தான் சரி. ஆள் நடந்துகொண்டிருக்கும்போது `BelowNormal` அல்லது `Low`. முக்கியமான விஷயம், இந்த வரம்பு சேர்க்கும் வேலைக்குத்தான். சீன் உயிர்பெறும்போது வரிசையாக ஓடும் `Awake`, `OnEnable` இவற்றுக்கு இந்த வரம்பு பொருந்தாது. அவை எல்லாம் ஒரே பிரேமில் கொட்டும்.

எங்கள் மலை சீனில் என்ன இருந்தது என்றால், புதர், பாறைத் துண்டு, பறவை, ஆடு என்று நானூறுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் பொருள்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்கிரிப்ட், ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டும் தன் `Awake`-இல் ஆடுகிறவர் எங்கே, ஒலி மேலாளர் எங்கே என்று சீன் முழுக்கத் தேடும். ஒன்றுக்கு ஒரு மில்லி நொடி என்று வைத்தாலும் 400 மில்லி நொடி ஒரே பிரேமில். அதாவது 24 பிரேம் காணாமல் போகும். இதைக் கண்டுபிடிக்க ஊகம் வேண்டாம்: டெவலப்மென்ட் பில்டை போனில் ஏற்றி, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று அளக்கும் புரொஃபைலரை இணைத்து, அந்தக் குதிப்பு விழுந்த பிரேமைத் திறந்து பாருங்கள். `Loading.UpdatePreloading` என்ற வரிக்குக் கீழே நேரம் எங்கே போயிற்று என்று தெரியும். கம்ப்யூட்டரில் எடிட்டருக்குள் அளந்து பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. எடிட்டர் சீனை ஏற்றும் விதமே வேறு, டிஸ்க்கும் வேறு.

புரொஃபைலர் இல்லாமலே முதல் கட்ட நோய் நாடல் ஒன்று உண்டு, அதை ரொம்பப் பேர் கவனிப்பதில்லை. லோடிங் திரையில் ஒரு சுழலும் சின்னத்தைப் போட்டு வையுங்கள், அழகுக்காக இல்லை. பட்டை நின்று, சின்னமும் நின்றால் மெயின் த்ரெட் எதிலோ அடைபட்டிருக்கிறது என்று பொருள், `Awake` மாதிரி ஏதோ ஒன்று. அந்த நிலை நீண்டு, தொட்டும் 5 நொடி வரை பதில் இல்லை என்றால் ஆண்ட்ராய்டே "ஆப் பதிலளிக்கவில்லை" என்று பெட்டியைக் காட்டிவிடும். மாறாக, பட்டை நின்று சின்னம் மட்டும் ஜாலியாகச் சுற்றிக்கொண்டிருந்தால் மெயின் த்ரெட் சும்மாதான் இருக்கிறது, யாரோ யாருக்காகவோ காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தம்பி காட்டிய போனில் சின்னம் சுற்றிக்கொண்டிருந்தது. கன்சோலில் சிவப்பாக ஒன்றும் இல்லை. அவருடைய யோசனை கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும்: மலையை 0.9 வரை ஏற்றி நிறுத்தி வைப்போம், பிறகு அடிவாரத்தை `UnloadSceneAsync` போட்டு இறக்குவோம், இறக்கி முடிந்ததும் மலையை உயிர்ப்பிப்போம், மெமரியும் மிச்சம். ஆனால் யூனிட்டியில் இந்த வேலைகள் ஒரே வரிசையில் நிற்பவை. முன்னால் நிற்பது `allowSceneActivation = false` என்று காத்திருந்தால், பின்னால் நிற்பது தொடங்கவே தொடங்காது. மலை, அடிவாரம் இறங்கட்டும் என்று காத்திருக்கிறது, அடிவாரம், மலை நகரட்டும் என்று காத்திருக்கிறது. விடிய விடிய நிற்கும். பிழைச் செய்தி வராது, ஏனென்றால் யூனிட்டியைப் பொறுத்தவரை எதுவுமே தப்பாக நடக்கவில்லை.

இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. தொடங்கிய லோடிங்கை ரத்து செய்ய வழியே இல்லை. ஆடுகிறவர் பாதிப் படி ஏறிவிட்டு, "குளத்துல ஒண்ணு பாக்காம விட்டுட்டேனே" என்று திரும்பி இறங்கினால் என்ன செய்வது? 0.9-இல் நிறுத்தி வைத்த சீன் அப்படியே வரிசையை அடைத்துக்கொண்டு நிற்கும், கீழே வேறு எதை ஏற்றவும் விடாது. அதனால் என் கருத்து இது, இதில் என்னோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு: நடந்துகொண்டே மாறும் லெவல்களில் `allowSceneActivation`-ஐத் தொடவே தொடாதீர்கள். முழுத்திரை லோடிங்கில், "தொடரத் தொடவும்" என்று காட்டுவதற்கு அது நன்றாக இருக்கும், அங்கே மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எப்படி? சீனை உயிர்ப்பிக்க விட்டுவிடுங்கள், ஆனால் உள்ளே உயிர்ப்பிக்க ஒன்றும் இல்லாதபடி செய்துவிடுங்கள். அணைத்து வைத்த பொருளின் `Awake` ஓடாது. அதை முதல் முறை இயக்கும்போதுதான் ஓடும். மலை சீனில் ஒரே ஒரு வேர்ப்பொருள், அது மட்டும் இயங்கும் நிலையில். அதன் கீழே பத்துப் பதினைந்து குழுக்கள், எல்லாம் அணைத்த நிலையில். சீன் ஏறி, உயிர்பெற்று, வரிசையைக் காலி செய்துவிட்டு, சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். பிறகு நமக்கு வேண்டியபோது ஒரு பிரேமுக்கு ஒரு குழுவாக இயக்குகிறோம்:

```csharp
foreach (Transform group in hillRoot)
{
    group.gameObject.SetActive(true);
    yield return null;
}
hillReady = true;
```

வேர்ப்பொருளையும் சேர்த்து அணைத்து வைத்துவிட்டுக் குழுக்களை இயக்கினால் ஒன்றும் நடக்காது, கடைசியில் வேரை இயக்கும்போது எல்லாம் மறுபடியும் ஒன்றாகக் கொட்டும், அதனால் வேர் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். குழுவைப் பிரிப்பதும் எண்ணிக்கையைப் பார்த்து இல்லை, நேரத்தைப் பார்த்து. இருபத்தைந்து புதர்கள் ஒரு குழுவாகலாம், சிற்பத் தொகுதி ஒன்றே ஒரு குழுவாக நிற்கலாம். அந்த நானூறு ஸ்கிரிப்ட்டும் தனித்தனியாகத் தேடுவதை விட்டுவிட்டு, ஒருமுறை தேடிய விவரத்தைப் பகிர்ந்துகொள்ளும்படி மாற்றியதும் குழு இயக்கும் நேரம் பாதிக்கு மேல் குறைந்தது. எதைப் பின்னணிக்குத் தள்ளலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் எதைச் செய்யாமலே விடலாம் என்று பார்க்க வேண்டும்.

இனி படிக்கட்டு. லோடிங்கை எங்கே தொடங்குவது என்பது தூரக் கணக்கு. ஆலமரத்தைத் தாண்டிப் படியின் வளைவு வரை கேமில் 40 மீட்டர் வைத்திருக்கிறோம். சிறுமி நடந்தால் நொடிக்கு 2 மீட்டர், 20 நொடி கிடைக்கும். ஓடினால் நொடிக்கு 5 மீட்டர், 8 நொடிதான். எங்களிடம் இருப்பதிலேயே மட்டமான போனில் மலை ஏறிக் குழுக்கள் இயங்கி முடிய 12 நொடி ஆகிறது. ஆக, மட்டமான போனில் ஓடுகிறவருக்கு 4 நொடி இடிக்கும். பாதையை 60 மீட்டராக நீட்டலாம், ஆனால் அப்போது நல்ல போன் வைத்திருப்பவரும், பத்தாவது முறை ஏறுபவரும் வெறும் பாறையில் வீணாக நடக்க வேண்டும். மெதுவான போனுக்காக எல்லாரையும் நடக்க வைப்பதைவிட, தேவைப்படும்போது மட்டும் தடுக்கிற ஏதாவது ஒன்று வளைவில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

ஆடுகளை இறக்கிவிட்டோம். குறுகலான படியில், வளைவுக்கு மேலிருந்து ஆடுகள் வரிசையாக இறங்கி வரும், சிறுமி பாறையோரமாக ஒதுங்கி நிற்பாள். ஒவ்வொரு ஆடும் இறங்கி முடிந்ததும் கோடு `hillReady` உண்மையா என்று பார்க்கும். இல்லை என்றால் இன்னொரு ஆடு. நல்ல போனில் ஒரே ஒரு ஆடு துள்ளிக்கொண்டு போய்விடும், யாருக்கும் அது தடுப்பு என்றே தோன்றாது. மட்டமான போனில் மூன்று நான்கு வரும். ஒரு ஆடு இறங்க ஒரு நொடிக்குக் கொஞ்சம் கூட ஆகும்படி வைத்திருக்கிறோம், ஏனென்றால் தடுப்பின் அசைவு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் அநாவசியமாகக் காக்க வைக்கும் வாய்ப்பு உண்டு. அறுபது நொடி ஓடும் லிஃப்ட் காட்சியை வைத்துவிட்டு லோடிங் மூன்றாவது நொடியிலேயே முடிந்திருந்தால், மீதி 57 நொடியும் நாம் திருடியதுதான். ஆடுகள் எட்டைத் தாண்டினால் என்ன செய்வது என்று கேட்டார் சோதித்துப் பார்த்த ஒரு அக்கா. அதற்குமேல் நடிப்பதில் அர்த்தமில்லை, அப்போது ஓரத்தில் சின்னதாக "ஏறிக்கொண்டிருக்கிறது" என்று எழுத்து வரும். ஸ்டோரேஜ் நிரம்பி வழியும் பழைய போன்களில் அதைப் பார்த்திருக்கிறேன்.

திரும்பி இறங்கும் பிரச்சினைக்குத் தரையில் இரண்டு எல்லைக் கோடுகள். ஆலமரத்தைத் தாண்டி மேலே போனால் ஏற்று. ஆனால் ஆலமரத்தைத் தாண்டிக் கீழே வந்தவுடன் இறக்காதே, குளத்தின் அக்கரைக்குப் போனால்தான் இறக்கு. இரண்டுக்கும் ஒரே கோட்டை வைத்தால், அந்தக் கோட்டில் நின்றுகொண்டு முன்னும் பின்னும் ஓடுகிற குழந்தை ஒன்று கட்டாயம் இருக்கும், போன் ஏற்றி இறக்கியே சூடாகிவிடும்.

இதுவரை சொன்னது நேரம். மெமரிதான் நிஜமான தலைவலி, ஏனென்றால் படியில் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம் இரண்டு லெவலும் ஒன்றாக ரேமில் இருக்கின்றன. அணைத்து வைத்த பொருளானாலும் அதன் மேல் ஒட்டும் படமான டெக்ஸ்ச்சர் ரேமில் ஏறித்தான் இருக்கும். 2048-க்கு 2048 அளவுள்ள ஒரு டெக்ஸ்ச்சர் அமுக்காமல் இருந்தால் 16 எம்பி. அதையே ஏ.எஸ்.டி.சி 6x6-இல் அமுக்கினால் 2 எம்பிக்கும் குறைவு. இருபது பாறை டெக்ஸ்ச்சர் இருந்தால் வித்தியாசம் 320-க்கும் 40-க்கும். போனில் மெமரி தீர்ந்தால் எச்சரிக்கை எல்லாம் வராது, ஆப் பொசுக்கென்று மறைந்துவிடும், ஹோம் ஸ்கிரீன் நிற்கும். சோதிக்கிறவர்கள் "கிராஷ் ஆயிருச்சு" என்று சொல்வார்கள், கிராஷ் அறிக்கையில் ஒன்றும் இருக்காது. எப்போதும் ஒரே வளைவில் மறைகிறது என்றால் மெமரியைச் சந்தேகப்படுங்கள். இன்னொன்று, `UnloadSceneAsync` சீனின் பொருள்களைத்தான் அழிக்கும், டெக்ஸ்ச்சர்கள் அப்படியே இருக்கும். அவற்றைத் துடைக்க `Resources.UnloadUnusedAssets` தனியாக அழைக்க வேண்டும், அதுவும் மெயின் த்ரெட்டைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். நாங்கள் அதைச் சுனையருகே வரும் ஒரு சின்ன உரையாடலில் ஒளித்து வைத்தோம், முகம் அசையாமல் நிற்கிற நேரத்தில் ஒரு பிரேம் நீண்டால் யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் சமணர் மலை ஒன்று செய்கிறது, எந்தப் பாடத்திலும் அது இல்லை. பாடங்களில் வருவது எல்லாம் குகை வழி, லிஃப்ட், வளைந்த நடைபாதை, அதாவது முன்னும் பின்னும் தெரியாத இடம். இது மொட்டைப் பாறை. படியில் எங்கே நின்று திரும்பினாலும் கோயில், குளம், ஊர், வயல் எல்லாம் தெரியும். அது தெரிவதற்காகத்தான் ஜனம் அங்கே ஏறுகிறது. அடிவாரத்தை இறக்கிவிட்டால் கீழே வெறும் பள்ளம் தெரியும். அதனால் அடிவாரத்துக்கு ஒரு நிழல்பதிப்பு செய்தோம்: சில ஆயிரம் முக்கோணங்கள், 1024 அளவில் ஒரே டெக்ஸ்ச்சர், ஸ்கிரிப்ட் எதுவும் கிடையாது. அது மலை சீனின் முதல் குழு. ஆடுகள் இறங்கும்போது கேமரா தானாக மேலே பார்க்கும், அந்த நேரத்தில் நிஜ அடிவாரத்தை அணைத்து, பதிப்பை இயக்கி, பிறகுதான் நிஜத்தை இறக்குகிறோம். தூரத்துக்கு லேசாகப் புழுதி மூட்டம் போட்டால் குளத்தில் தாமரை தனித்தனியாக இல்லை என்பது தெரியாது. சித்திரை மாத மதுரைக்கு அந்த மூட்டம் பொய்யும் இல்லை.

வானம் வேறு காட்டிக்கொடுக்கும். மூட்டத்தின் நிறம், வானம், சுற்றொளி எல்லாம் எந்த சீன் இயங்கும் சீனாகக் குறிக்கப்பட்டிருக்கிறதோ அதனுடையது. `SceneManager.SetActiveScene` போட்ட அதே பிரேமில் வானம் பட்டென்று மாறும். அடிவாரத்துக்குக் காலை வெயில், மலைக்கு உச்சி வெயில் என்று ஆசைப்பட்டு வைத்திருந்தோம், ஆடு இறங்குகிற நேரத்தில் சூரியன் குதித்தது. படி ஏறும் 40 மீட்டரிலேயே மூட்ட நிறத்தையும் சுற்றொளியையும் மலையின் மதிப்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திவிட்டு, இரண்டும் ஒன்றான பிறகு மாற்றினால் குதிப்பு தெரியாது. வானப் படம் இரண்டுக்கும் ஒன்றே இருக்கட்டும், அதில் போய்ச் சாமர்த்தியம் காட்ட வேண்டாம்.

எல்லாம் செய்த பிறகும் சிற்பங்கள் முதன்முதலாகக் கண்ணில் படும்போது ஒரு சின்ன இடறல் மிச்சம் இருந்தது. புரொஃபைலரில் பார்த்தால் `Shader.CreateGPUProgram`. பொருளை எப்படி வரைவது என்று சொல்லும் ஷேடர் ஒன்று முதல் முறை திரையில் வரையப்படும்போதுதான் போனின் கிராபிக்ஸ் டிரைவர் அதைத் தனக்கேற்ப மாற்றிக்கொள்கிறது, லோடிங் முடிந்ததா இல்லையா என்பதோடு அதற்குச் சம்பந்தமில்லை. இதற்கு `ShaderVariantCollection` வைத்து முன்கூட்டியே சூடேற்றலாம், ஆனால் வல்கன் என்ற கிராபிக்ஸ் முறையில் ஓடும் போன்களில் அது எல்லாவற்றையும் பிடிப்பதில்லை. எங்களுக்கு வேலைக்கு ஆனது அசல் நாட்டு வைத்தியம்: மலையில் வரும் ஒவ்வொரு மெட்டீரியலையும் அதே மாதிரி மெஷ்ஷில் ஒட்டி, கடுகளவில், ஆடுகள் இறங்கும் பாறை இடுக்கில் கேமராவுக்கு முன்னால் வைத்து, ஒரு பிரேமுக்கு ஒன்றாக வரைந்துவிட்டோம்.

அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஒரே போனில் இரண்டாவது முறை ஓட்டினால் லோடிங் வேகமாக இருக்கும், ஏனென்றால் கோப்புகளை ஆண்ட்ராய்டு ரேமில் வைத்திருக்கும். போனை அணைத்துப் போட்டு, உடனே கேமைத் திறந்து எடுக்கும் முதல் அளவுதான் நம்பத் தகுந்தது. மேலே சொன்ன 12 நொடி அப்படி எடுத்தது. இரண்டாவது ஓட்டத்தில் அதே போன் 7-க்கு வந்துவிடும், அதைப் பார்த்து மகிழ்ந்து ஆடுகளைக் குறைத்துவிடக் கூடாது.

மலையிலிருந்து இறங்கும் பக்கத்துக்கு இந்த வித்தை எதுவும் செல்லுபடியாகவில்லை. ஏறும்போது முகம் பாறையைப் பார்க்கிறது, இறங்கும்போது முகம் முழுக்க ஊரைப் பார்க்கிறது, எதை எப்போது மாற்றினாலும் கண்ணெதிரே நடக்கும். கேமராவைக் காலடிக்குத் திருப்பிப் பார்த்தோம், இரண்டாவது தடவையே எரிச்சல் வந்தது. அதனால் இறங்குவதற்கு மட்டும் சாதாரண லோடிங் திரையே வைத்துவிட்டோம். குளத்தின் ஓவியம் ஒன்று திரை முழுக்க வரும், `backgroundLoadingPriority` `High`-க்குப் போகும், அதே மட்டமான போனில் 5 நொடியில் முடிந்துவிடும். வேகமான போன்களில் ஓவியம் மின்னி மறைவது கண்ணை உறுத்தியதால் குறைந்தது ஒரு நொடி அது நிற்கும்படி வைத்திருக்கிறோம்.